புதுப்பிப்பு: ஆதி தாளத்தில் விரல் எண்ணிக்கை விரைவது

முன்பு நான் கேட்டது: "பாடும்போது என் ஆதி தாளம் ஓடிவிடுகிறது, எங்கே ஓடுகிறது?"

பதிவு செய்து பார்த்தேன். நிமிடத்திற்கு 60 எண்ணிக்கையில், எட்டு எண்ணிக்கை கொண்ட ஆவர்த்தனம் பத்துக்கு 80 வினாடி ஆகவேண்டும். எனக்கு 73 ஆனது. தட்டுகளும் வீச்சுகளும் சரியாக இருக்க, சுண்டு விரல், மோதிர விரல், நடுவிரல் ஆகிய மூன்றும்தான், அதுவும் நெடிய கார்வை வரும் இடங்களில், விரைந்தன.

மெட்ரோனோமுடன் பாடச் சொன்ன நண்பரின் யோசனை பாதிதான் பலித்தது. கருவியை நிறுத்தியதும் பழைய ஓட்டம் திரும்பியது. மிருதங்கம் வாசிக்கும் அன்பரோ, கருவியை 30இல் வைத்து, முதல் தட்டு, மோதிர விரல், அடுத்த இரு தட்டுகள் ஆகியவற்றில் மட்டும் ஒலி விழுமாறு பாடி, இடைப்பட்ட எண்ணிக்கைகளை நானே நிரப்பவேண்டும் என்றார். கார்வையில் குரல் நிற்கும்போது மனத்தில் "தகதிமி" ஓடவேண்டும் என்றும் சொன்னார். மூன்று வாரத்தில், கருவியின்றி, 79 வினாடிக்கு வந்துவிட்டேன். இது எனக்குப் பெரிய நிம்மதி.

தம் மகளுக்கு மிச்ர சாபு தாளம் நிற்பதில்லை என்று எழுதியவருக்கு: அதில் விரல் எண்ணிக்கையே இல்லாததால் இந்த வழி அப்படியே பொருந்தாது.

இரண்டு களையில், ஒவ்வொரு விரலையும் இருமுறை தட்டும்போது, இரண்டாம் தட்டு இன்னும் முந்துகிறது. அதற்கு வழி கிடைக்கவில்லை.