இரண்டு ஃபண்டிலும் ஒரே பங்குகள், எக்செல்லில் மட்டும் 6% வருகிறது. எங்கே தப்பு?

குமரன்_ஈரோடு
ஒரு லார்ஜ் கேப், ஒரு ஃப்ளெக்ஸி கேப், இரண்டிலும் மாதம் 5,000 ரூபாய் எஸ்ஐபி போகிறது. இரண்டும் ஒரே பங்குகளைத்தான் வைத்திருக்கின்றனவோ என்று சந்தேகம். மாதாந்திர போர்ட்ஃபோலியோ எக்செல்லை இறக்கி, பங்கின் பெயரை வைத்து VLOOKUP போட்டேன். பொதுவானது 6% என்கிறது. ஆனால் முதல் பத்தில் ஏழு பங்குகள் ஒன்றாக இருப்பது கண்ணுக்கே தெரிகிறது.

மாலதி
எக்செல் எதற்கு? ஃபேக்ட்ஷீட்டில் துறைப் பட்டியலைப் பாருங்கள். துறைகள் வேறாக இருந்தால் ஃபண்டும் வேறுதான்.

செல்வி66
என் கடன் ஃபண்டில் TREPS என்று 12% இருக்கிறது. அது எந்தக் கம்பெனி?

பழனி
செல்வி அக்கா, அது கம்பெனி இல்லை. கையிருப்புப் பணத்தை அரசுப் பத்திர ஈட்டின் பேரில் ஓரிரு நாளுக்குக் கடன் கொடுத்திருப்பது.

குமரன், பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒரு கோப்பில் "HDFC Bank Limited", இன்னொன்றில் "HDFC Bank Ltd." என்று இருந்தால் எக்செல்லுக்கு அவை இரண்டு கம்பெனிகள். பக்கத்திலேயே ISIN என்ற அடையாளக் குறியீடு இருக்கும். இந்த வங்கிக்கு இரண்டிலும் INE040A01034தான். இரண்டு கோப்பும் ஒரே மாதத்தியதாக இருக்கட்டும். முகமதிப்புப் பிரிப்பு நடந்தால் ISIN மாறிவிடும். ஃப்ளெக்ஸி கோப்பை அதே எக்செல்லில் Flexi என்ற ஷீட்டாகச் சேர்த்து, இரண்டு ஷீட்டிலும் A-யில் ISIN, C-யில் சதவீதம் வைத்து:

```
=MIN(C2,IFERROR(VLOOKUP(A2,Flexi!A:C,3,FALSE),0))
```

ஒன்றில் 8.9, மற்றதில் 7.2 என்றால் பொதுவானது 7.2தான். எல்லாப் பங்குக்கும் கூட்டுங்கள். சில கோப்பில் 8.9 என்பது 0.089 என்று இருக்கும், அதையும் பாருங்கள்.

குமரன்_ஈரோடு
41% வருகிறது! ஆனால் துறைப் பட்டியல் ஒத்துப்போகவில்லையே? லார்ஜ் கேப்பில் வங்கி 24, ஃபைனான்ஸ் 6, இன்சூரன்ஸ் 3. ஃப்ளெக்ஸியில் "நிதிச் சேவைகள் 31" என்று ஒரே வரி.

பழனி
உங்கள் மூன்றையும் கூட்டுங்கள், 33. எதிரே 31. ஒரே பண்டத்தை ஒருவர் பிரித்து எழுதுகிறார், ஒருவர் சேர்த்து எழுதுகிறார். மாலதி, இதனால்தான் துறைப் பட்டியலை மட்டும் நம்ப முடியாது.

மாலதி
சரி, அது புரிகிறது. ஆனால் ரிலையன்ஸ் எண்ணெய் வரிசையில் இருக்கிறதே? ஜியோவும் கடைகளும் எங்கே போயின?

பழனி
ஒரு கம்பெனிக்கு ஒரே துறைதான் கொடுப்பார்கள். ரிலையன்ஸை நான் தனி வரியாகவே வைத்துக்கொள்கிறேன். அதற்குச் சரியான பிரிப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

குமரன், 41 அதிகமா என்பதைவிட ஃப்ளெக்ஸியின் மீதி 59-ஐப் பாருங்கள். மிட் கேப் இத்தனை வைக்க வேண்டும் என்று ஃப்ளெக்ஸிக்கு விதி இல்லை, பங்குகளில் 65% இருந்தால் போதும். அந்த 59-உம் முதல் நூறு கம்பெனிகளுக்குள்ளேயே இருந்தால் நீங்கள் வைத்திருப்பது இரண்டு லார்ஜ் கேப்.

குமரன்_ஈரோடு
கம்பெனிகளை லார்ஜ், மிட், ஸ்மால் என்று பிரிக்கும் ஆம்ஃபி பட்டியலை வைத்து இன்று இரவு பிரித்துப் பார்க்கிறேன்.