கிளட்ச் டப்பாவில் அளவு ஏறுமா, இறங்குமா?

இடுக்கி1300:
கேபிள் கிளட்சே போதும் என்று இங்கே ஒரு தம்பி எழுதியிருந்தான். சிரிப்புதான் வந்தது. பெரிய பைக் எல்லாம் ஹைட்ராலிக் வைத்திருப்பது சும்மாவா? ஆயில் தள்ளுவதால் லீவர் இலேசு. பராமரிப்பும் ஒன்றுமில்லை. பிளேட் தேயத் தேய லீவர் பக்கத்து டப்பாவில் ஆயில் அளவு இறங்கும், மேல் கோடு வரை ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது.

கம்பம் பட்டறை:
இறங்காது அண்ணே, ஏறும். பிரேக்கைப் பார்த்துக் கிளட்சைச் சொல்லாதீர்கள். பிரேக்கில் பேட் தேய்ந்தால் பிஸ்டன் வெளியே வந்து நிற்கிறது, அந்த இடத்தை நிரப்ப ஆயில் டப்பாவிலிருந்து கீழே போகிறது. கிளட்சில் பிளேட் தேய்ந்தால் அடுக்கின் கனம் குறையும். ஸ்பிரிங் பிரஷர் பிளேட்டை உள்ளே அழுத்தும். அதோடு புஷ் ராடும், இன்ஜின் பக்கத்தில் அதைத் தள்ளுகிற ஸ்லேவ் சிலிண்டர் பக்கமாகப் பின்வாங்கும். ஸ்லேவ் பிஸ்டன் உள்ளே போனால் அதன் பின்னால் இருந்த ஆயில் எங்கே போகும்? மேலே டப்பாவுக்குத்தான். கிளட்ச் டப்பாவில் அளவு குறைந்திருந்தால் அது தேய்மானம் இல்லை, எங்கேயோ ஒழுகுகிறது. முதலில் செயின் ஸ்ப்ராக்கெட் மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஹாயபூசா மாதிரி வண்டிகளில் ஸ்லேவ் அங்கேதான் இருக்கிறது, செயின் அழுக்கு முழுக்க அதன் சீல் மேல்தான் படியும்.

கேபிள் கட்சி:
வந்துட்டார்யா இடுக்கி சார். யமஹா ஆர் ஒன் ஆயிரம் சிசி, கவாசாகி இசட்எக்ஸ் டென் ஆர் ஆயிரம் சிசி, ரெண்டும் கேபிள்தான். அதெல்லாம் சின்ன வண்டியா? ஆயில் வைத்தால் கைக்கு உணர்வே வராது. எங்கே பிடிக்கிறது, எங்கே விடுகிறது என்று தெரியாது. அதுவும் மலையேறினால் கொதித்துவிடும்.

இடுக்கி1300:
ரெண்டு வண்டிப் பேரைச் சொல்லிவிட்டால் ஆயிற்றா? பட்டறைத் தம்பிக்கு ஒரு கேள்வி. ஊற்றுவது அதே டாட் 4 ஆயில். டப்பாவும் அதே டப்பா. ஹேண்டில்பாரின் வலது பக்கம் இறங்குகிற ஆயில் இடது பக்கம் மட்டும் ஏறுமா? என் அனுபவத்தில் இறங்கும்.

கம்பம் பட்டறை:
ஆயில் அதேதான். பிஸ்டன் நகரும் திசைதான் வேறு. திரும்பத் திரும்பச் சொன்னாலும் திசை மாறாது.

கேபிள் கட்சி, நீங்கள் சொன்ன இரண்டு வண்டியும் சரி, காரணம் தப்பு. இலேசு என்பது ஆயிலால் வருவதில்லை, கணக்கால் வருவது. லீவர் தள்ளுகிற மாஸ்டர் பிஸ்டன் விட்டம் 14 மி.மீ., ஸ்லேவ் 28 மி.மீ. என்று வையுங்கள். விட்டம் இரு மடங்கு என்றால் பரப்பு நான்கு மடங்கு. மாஸ்டரில் கொடுக்கிற விசை ஸ்லேவில் நான்கு மடங்காகும், ஆனால் மாஸ்டர் 8 மி.மீ. போனால் ஸ்லேவ் 2 மி.மீ.தான் போகும். இன்னும் இலேசாக வேண்டும் என்று ஒருவர் 12 மி.மீ. மாஸ்டரை மாட்டிக்கொண்டு வந்தார். கைக்குக் கால் பங்குக்கு மேல் சுமை குறைந்தது உண்மை. ஆனால் அதே 8 மி.மீ.க்கு ஸ்லேவ் ஒன்றரை மி.மீ. கூட நகரவில்லை. பிளேட் முழுசாகப் பிரியாமல் நின்ற இடத்தில் வண்டி முன்னால் இழுத்தது, நியூட்ரல் விழவே இல்லை. கேபிளிலும் இன்ஜின் பக்கத்துக் கையை நீளமாக வைத்தால் இதே இலேசும் வரும், இதே தொல்லையும் வரும்.

அப்புறம் பெரிய வண்டிக்கு ஏன் ஆயில்? டார்க் அதிகம், அதனால் ஸ்பிரிங் கெட்டி. கெட்டி ஸ்பிரிங்கைக் கேபிள் இழுக்கும்போது ஒவ்வொரு வளைவிலும் உறையோடு உரசும். பெரிய இன்ஜினைச் சுற்றி வளைவும் அதிகம், சூடும் அதிகம். ஆயில் குழாயை எப்படி வளைத்தாலும் அந்த உரசல் இல்லை. தேய்மானத்துக்கு ஏற்ப அதுவே சரிசெய்துகொள்ளும், அட்ஜஸ்டரைத் திருக வேண்டாம். இப்போது வருகிற சில ஆயிரம் சிசி வண்டிகளில் அசிஸ்ட் கிளட்ச் இருக்கிறது. வண்டி இழுக்கும்போது அதுவே பிளேட்டை இறுக்கிக்கொள்வதால் ஸ்பிரிங் கெட்டியாக இருக்க வேண்டியதில்லை. அப்போது கேபிளே போதும், எடையும் செலவும் குறைவு. கிளட்ச் ஆயில் கொதிக்கும் கதை பிரேக்கோடு குழப்பிக்கொண்டது.

வண்டன்மேடு:
நல்லாப் பேசுறீங்க. என் 400 சிசி வண்டியில் மழைக்கு அப்புறம் கிளட்ச் கல்லாக இருக்கிறது. எந்த டப்பாவில் டாட் 4 ஊற்றணும்? தேடிப் பார்த்துட்டேன், வலது பக்கம் மட்டும்தான் டப்பா இருக்கு.

கம்பம் பட்டறை:
தங்கச்சி, அது பிரேக் டப்பா, அதைத் தொட வேண்டாம். உங்கள் வண்டி கேபிள். லீவர் பக்கம் கேபிள் முனையைப் பாருங்கள், ஒரு இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் மாற்றிவிடுங்கள். லீவர் அதன் ஹோல்டரோடு சேரும் இடத்தில் இரண்டு மூன்று மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். அப்புறம் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கனத்தால் கேபிள் எங்கேயோ நசுங்குகிறது.

கேபிள் கட்சி:
பார்த்தீங்களா, கேபிளில் கண்ணால் பார்த்தே சொல்லிடலாம். அறுந்தாலும் ஒரு ஸ்பேர் கேபிளைப் பழைய கேபிளோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தால் ரோட்டோரத்திலேயே மாட்டிவிடலாம். இடுக்கி சார் சீல் போனால் போடிமெட்டில் யாரைக் கூப்பிடுவார்?

இடுக்கி1300:
என் வண்டி ரோட்டில் நின்றதே இல்லை. உண்மையைச் சொன்னால், போன மாதம் மேல் கோடு வரை ஊற்றிவிட்டு லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி ஏறினேன். பாதி மலையில் ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. கீழே இறங்கி டீ குடித்து ஆறவிட்டு எடுத்தால் சரியாகிவிட்டது. பிளேட் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். அதைத்தானே நானும் சொல்கிறேன், தேய்ந்ததால் அளவு இறங்கியிருந்தது.

கம்பம் பட்டறை:
அண்ணே, பிளேட் தேய்மானமாக இருந்தால் டீ குடித்ததும் குணமாகாது. ஆறினால் சரியாகிறது என்றால் ஆயில் உள்ளே அடைபட்டு நிற்கிறது. மாஸ்டரில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை உண்டு. லீவரை முழுசாக விட்டதும் அது திறந்து, சூட்டில் விரிகிற ஆயில் டப்பாவுக்குத் திரும்பும். துளை மூடியிருந்தால் விரிந்த ஆயில் ஸ்லேவை லேசாகத் தள்ளிக்கொண்டே இருக்கும், கிளட்சை எப்போதும் கொஞ்சம் பிடித்திருப்பதற்கு அது சமம். டப்பாவை முழுசாக நிரப்பி ரப்பர் டயஃப்ரத்துக்கு அசைய இடம் இல்லாமல் செய்தாலும் இதேதான் நடக்கும்.

ஒரு கேள்வி. போன ரைடு படத்தில் உங்கள் வண்டியில் கறுப்புக் குட்டை லீவர் இருந்ததே, ஆன்லைனில் வாங்கியதா?

இடுக்கி1300:
லீவருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நல்ல சிஎன்சி லீவர். காசு கொடுத்து வாங்கியது.

கம்பம் பட்டறை:
அதில்தான் சம்பந்தம். பிஸ்டனைத் தள்ளுகிற மூக்கு அரை மி.மீ. நீளமாக இருந்தாலே பிஸ்டன் முழுசாகத் திரும்பாது, துளை மூடியே இருக்கும். லீவரை விட்ட பிறகு விரலால் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். கொஞ்சமாவது சும்மா ஆட வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் லீவர்தான் குற்றவாளி. அடுத்த தடவை சூட்டில் வழுக்கும்போது ஸ்லேவில் இருக்கிற பிளீட் நிப்பிளை கால் சுற்று திறந்து மூடுங்கள். ஆயில் பீச்சி அடித்து வழுக்கல் நின்றால் பிளேட்டின் மேல் பழி போடாதீர்கள். பெயின்ட் மேல் பட்டதும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள், டாட் 4 பெயின்ட்டை உரித்துவிடும்.

போடிமெட்டு:
நிப்பிள் திறக்க 8 நம்பர் ரிங் ஸ்பேனர் வேணும். இடுக்கி அண்ணன் மூணாறு ரைடில் என்னிடம் வாங்கியது இன்னும் வரவில்லை. அப்புறம் எல்லோரும் டாட் 4, டாட் 4 என்கிறீர்கள். என் ஐரோப்பா வண்டி கிளட்ச் மூடியில் மினரல் ஆயில் என்று போட்டிருக்கிறது. ஒரு பட்டறையில் பார்க்காமல் டாட் 4 ஊற்றிச் சீல் எல்லாம் ஊதிப்போய், மாஸ்டரும் ஸ்லேவும் புதுசாக மாற்றவேண்டி வந்தது.

இடுக்கி1300:
ஸ்பேனரை அப்போதே உன் டேங்க் பேக்கில் வைத்தேன். கம்பத்துப் பட்டறைகள் இப்படித்தான், மூடியைக்கூடப் படிக்க மாட்டார்கள்.

போடிமெட்டு:
கம்பம் என்று நான் சொல்லவே இல்லையே.

கம்பம் பட்டறை:
என் பட்டறையில் மூடியைப் படித்துவிட்டுத்தான் திறக்கிறோம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். கிளட்ச் ஆயில் பிரேக்கைவிடச் சீக்கிரம் கறுக்கும். இன்ஜின் சூடு பக்கத்திலேயே இருக்கிறது, சீல் அழுக்கும் சேர்கிறது, இடுக்கிப் பனியில் ஈரத்தையும் உறிஞ்சும். யாரும் கேட்பதில்லை. மேல் கோடு வரை ஊற்ற மட்டும் வந்துவிடுகிறார்கள்.

கேபிள் கட்சி:
கேபிளுக்கு ஆயிலும் இல்லை, ஸ்பேனர் சண்டையும் இல்லை.

இடுக்கி1300:
எல்லோருக்கும் பதில். கொச்சியில் புது பிளேட் செட் போட்டேன். நேற்று குமுளி ஏறினேன், ஒரு சின்ன வழுக்கல் கூட இல்லை. பிளேட்தான் என்று முதலிலேயே சொன்னேன். இன்னொன்று, பிளேட் மாற்றியதும் டப்பாவில் அளவு நன்றாக இறங்கியிருந்தது. அளவு இறங்கும் என்று நான் சொன்னது எங்கே, ஏறும் என்று தம்பி சொன்னது எங்கே?

கம்பம் பட்டறை:
புது பிளேட் கனமானது அண்ணே. அடுக்கு கனத்தால் புஷ் ராடு கிளட்ச் பக்கம் நகரும், ஸ்லேவ் பிஸ்டன் வெளியே வரும், அளவு இறங்கும். அதே பிளேட் தேயும்போது திரும்ப ஏறும். நான் முதல் பதிவில் சொன்னதுதான் உங்கள் டப்பாவில் நடந்திருக்கிறது. அது போகட்டும், இப்போது எந்த லீவர் மாட்டியிருக்கிறீர்கள்?

இடுக்கி1300:
கம்பெனி லீவர். குட்டை லீவரில் விரல் வலித்தது, அதனால் கழற்றினேன். கிளட்சுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. அளவு இறங்கியது, படம் போட்டிருக்கிறேன் பாருங்கள்.

கம்பம் பட்டறை:
பார்த்தேன். இப்போதைய மட்டத்தில் டப்பா மேல் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். மேலே எதுவும் ஊற்றாமல் அடுத்த மழைக்காலத்தில் அதே டப்பாவை இன்னொரு படம் எடுத்துப் போடுங்கள்.

இடுக்கி1300:
மேல் கோடு வரை ஏற்கனவே ஊற்றிவிட்டேன்.

போடிமெட்டு:
டேங்க் பேக்கை மறுபடியும் கொட்டிப் பார்த்தேன். ஸ்பேனர் இல்லை.