250 சொல்லுக்குள் ஒரு கடிதம்: எந்தப் பந்தியை வெட்டுவது?

யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் பெரியப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். வீடுகளில் கிடக்கும் ஏட்டுச்சுவடிகளை ஸ்கேன் செய்து காக்க வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். எல்லை 250 சொற்கள். அவர் எழுதியது 410. திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

முதலில் தகவல்களைத் திருத்தினேன். பொது நூலகம் 1983 ஜூலையில் எரிந்ததாக எழுதியிருந்தார். கலவரத்தோடு குழப்பிக்கொள்பவர்கள் பலர். அது 1981 மே 31 இரவு தொடங்கிய தீ. 'இரண்டு இலட்சம் நூல்கள்' என்பதையும் வழக்கமாகச் சொல்லப்படும் 'ஏறத்தாழ 97,000' ஆக்கினேன்.

அடுத்தது வாக்கியங்கள். "சுவடிகள் பூச்சியரித்துப் போவதோடு பிள்ளைகளும் வாசிப்பதில்லை என்பதால் பல்கலைக்கழகம் முன்வர வேண்டும் என்பதுடன்..." என்று ஒரே மூச்சில் மூன்று விஷயங்கள். சுவடிகள் அழிவதையும் பல்கலைக்கழகம் முன்வர வேண்டும் என்பதையும் இரண்டு வாக்கியங்களாக்கினேன். பிள்ளைகளின் வாசிப்பு வேறு கடிதத்துக்குரியது, அதை எடுத்துவிட்டேன். அடைமொழிகளும் போயின. பெரியப்பா முறைத்தார், ஆனால் ஒத்துக்கொண்டார்.

இன்னும் 320 நிற்கிறது. தலா எழுபது சொல்லளவில் இரண்டு பந்திகள் மிச்சம்: ஒன்று நூலக எரிப்பு, மற்றது தம் தந்தை சுவடிகளுக்குப் புல்தைலம் பூசிப் பாதுகாத்த விதம். இரண்டையும் பாதியாக்கிப் பார்த்தேன். இரண்டுமே உயிரற்றுப் போயின. முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது, இரண்டாவது அவருக்கு மட்டுமே தெரிந்தது என்று எனக்குப் படுகிறது. அவரோ நூலகம் இல்லாமல் கடிதமே இல்லை என்கிறார்.

ஆசிரியர் கடிதங்களைத் திருத்திப் பழகியவர்களே, எந்தப் பந்தியை முழுதாக நீக்குவீர்கள்?