வாடகை முன்பணத்தைத் திரும்பப் பெற எங்கே மனு செய்வது?

சென்னை வேளச்சேரியில் மாதம் 15,000 ரூபாய் வாடகைக்குக் குடியிருந்த வீட்டை ஜனவரி இறுதியில் காலி செய்து சாவியை ஒப்படைத்தேன். ஜூன் பிறந்தும் 75,000 ரூபாய் முன்பணம் திரும்பி வரவில்லை.

அடுத்த குடித்தனம் வந்ததும் தருவதாகச் சொன்ன உரிமையாளர், அவர்கள் குடியேறிய பிறகு, வெள்ளையடிக்க 40,000 ரூபாய் செலவானது என்கிறார். ரசீது காட்ட மறுக்கிறார். ஒப்பந்தப்படி அதற்கு ஒரு மாத வாடகையை மட்டுமே பிடிக்கலாம், அதை நான் ஏற்கிறேன். மீதி 60,000 ரூபாயைக் கேட்டு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன், பதில் இல்லை. காவல் நிலையத்தில் இது உரிமையியல் விவகாரம் என்று கூறிவிட்டார்கள்.

முன்பணத்தை வங்கி வழியே செலுத்திய பதிவு, கடைசி மின்கட்டண ரசீது, சாவி கிடைத்ததாக அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, காலி செய்த அன்று எடுத்த காணொளி ஆகியவை என்னிடம் உள்ளன.

வீட்டைத் திரும்பப் பெற்ற ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு முன்பணத்தைத் தந்துவிட வேண்டும் என்று தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. ஆனால், எங்கள் பதினொரு மாத ஒப்பந்தம் முத்திரைத்தாளில் எழுதப்பட்டதே தவிர, அச்சட்டப்படி பதிவு செய்யப்படவில்லை.

இந்நிலையில் வாடகை அதிகாரியிடம் நான் மனு செய்தால் ஏற்கப்படுமா, அல்லது வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பி உரிமையியல் நீதிமன்றத்தில்தான் வழக்குத் தொடர வேண்டுமா?