ஒகேனக்கல் குடும்பப் படம்: ஓரத்தில் நிற்கும் அந்நியரை வெட்டினால் படம் சாய்ந்தாற்போல் இருக்கிறது

பென்னாகரம் மகள்: தாத்தா எங்களோடு எடுத்துக்கொண்ட கடைசிப் படம் இது. வலது ஓரத்தில் முன்பின் தெரியாத ஒருவர், தோளில் ஈரத்துண்டுடன் நிற்கிறார். அவரை வெட்டினால் மாமா சுவரில் ஒட்டியதுபோல் தெரிகிறார். நாளை பிரேம் போட வேண்டும், உதவுங்கள்.

அரூர்: படம் எத்தனை பிக்சல்? பிரேம் என்ன அளவு? அவர் யார் மீதாவது படுகிறாரா?

பாலக்கோடு: இடப்பக்கத்திலும் அதே அளவு வெட்டிவிடுங்கள், சரியாகிவிடும்.

ஓசூர் மூத்தவர்: அளவைச் சொல்லாமல் கேட்கக்கூடாது என்று இங்கே பலமுறை எழுதிவிட்டேன், படிக்கத்தான் ஆளில்லை.

பென்னாகரம் மகள்: மன்னியுங்கள் ஐயா. 4000க்கு 3000. பிரேம் 12க்கு 8. அவருடைய முழங்கை 3380இல் தொடங்குகிறது, மாமாவின் தோள் 3250இல் முடிகிறது. இடப்பக்கம் 900 வரை அருவி.

காவேரிப்பட்டினம்: வெட்டுமுன் வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். கிருஷ்ணகிரி அணையில் எடுத்த எங்கள் படத்தில் நான் வெட்டியெறிந்தவர் பெரியம்மாவின் சம்பந்தி என்று பிறகுதான் தெரிந்தது.

அரூர்: வலப்பக்கம் 3350இல் வெட்டுங்கள். இடப்பக்கம் 350 மட்டும் எடுத்தால் அகலம் 3000 ஆகும், அருவியும் தப்பும். 12க்கு 8 என்றால் உயரம் 2000 ஆகிவிடுவதால், நிற்பவர்களின் கால் போய்விடும். 10க்கு 8 என்றால் உயரம் 2400. மேலே வானத்தில் 600 எடுத்தால் போதும், அங்குலத்துக்கு 300 பிக்சல் கிடைக்கும்.

பாலக்கோடு: அப்போது இடப்பக்கம் 550, வலப்பக்கம் 100 என்று இடைவெளி நிற்குமே, அது எப்படிச் சமநிலையாகும்?

அரூர்: இரு பக்கமும் ஒரே அளவு இருந்தால்தான் சமநிலை என்பதில்லை. மாமா அருவிப் பக்கமாகத் திரும்பி நிற்கிறாரா என்று பாருங்கள். அப்படியானால் அவர் உடலே வலது ஓரத்தை மூடிவிடும், பார்வை போகும் பக்கத்தில் வெற்றிடம் இருப்பது உறுத்தாது. அவர் வெளிப்பக்கம் பார்த்தால் நீங்கள் சொல்வதுதான் சரி, இடப்பக்கமும் இறுக்க வேண்டும்.

பாலக்கோடு: தாத்தா நடுவில் இல்லாத படத்தை எங்கள் வீட்டில் மாட்டமாட்டோம்.

ஓசூர் மூத்தவர்: இருவரும் பிரேமின் விளிம்பை மறந்துவிட்டீர்கள். அது ஏறத்தாழ கால் அங்குலத்தை மறைக்கும். வலப்பக்கம் இருக்கும் 100 பிக்சல் அச்சில் மூன்றில் ஒரு அங்குலம்தான் என்பதால், மாமா மறுபடியும் சுவரில் ஒட்டிக்கொள்வார். 12க்கு 10 பிரேம் வாங்கி, சுற்றிலும் ஓர் அங்குலம் வெள்ளை விட்டு அச்சிடச் சொல்லுங்கள்.

அரூர்: ஐயா சொல்வது சரி. அம்மா, அது வாட்ஸ்அப்பில் வந்த படம் இல்லையே? 1600 பிக்சலுக்குச் சுருங்கியிருந்தால் வெட்டியபின் 1200தான் மிஞ்சும், முகங்கள் மங்கிவிடும்.

பென்னாகரம் மகள்: என்னிடம் இருப்பது வாட்ஸ்அப் படம்தான். மேலே சொன்ன அளவுகளைத் தம்பி தன் போனில் பார்த்துச் சொன்னான். மூலப் படத்தை டாகுமெண்டாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மாமா அருவிப் பக்கம்தான் திரும்பியிருக்கிறார். துண்டுக்காரரை அம்மாவுக்கும் தெரியவில்லை.