DB ஃபார்முலா போட்டா கடைசி வருஷம் 10,000 வரமாட்டேங்குது, 25 ரூபாய் எங்கே போகுது?

ஈரோடு கணக்கு:
வணக்கம். எங்க பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு ஜெராக்ஸ் மெஷின் ஒண்ணு வாங்கினோம். விலை 2,00,000. ஆபீஸ் உபகரணம்ங்கிறதால கம்பெனிச் சட்டம் 2013, இரண்டாம் அட்டவணைப்படி ஆயுள் 5 வருஷம், எஞ்சிய மதிப்பு 5%, அதாவது 10,000. நேர்கோட்டு முறையில சிக்கல் இல்ல, வருஷம் 38,000, அஞ்சாம் வருஷக் கடைசியில சரியா 10,000 நிக்குது. குறைந்து செல் இருப்பு முறைக்கு எக்செல்ல இதைப் போட்டேன்:

```
=SLN($B$1,$B$2,$B$3)
=DB($B$1,$B$2,$B$3,A7)
```

B1 விலை, B2 எஞ்சிய மதிப்பு, B3 ஆயுள், A7-ல இருந்து கீழே வருஷம் 1 முதல் 5. கடைசி இருப்பு 9,974.51-னு வருது. செல் ஒவ்வொண்ணா பார்த்துட்டேன், எதுவும் மாறல.

ஷீட் பிரியன்:
DB-ஐ விட்டுட்டு DDB போடுங்க. எஞ்சிய மதிப்பைக் கொடுத்துட்டா அதுக்குக் கீழ இறங்கவே இறங்காது.

பழைய லெட்ஜர்:
கீழ இறங்காதுங்கறது சரி தம்பி. ஆனா 10,000-த்தைத் தொடவும் தொடாது. DDB எடுத்துக்கிற விகிதம் 2/5, அதாவது 40%. 80,000, 48,000, 28,800, 17,280, 10,368-னு கழிச்சா கடைசியில 15,552 நிக்கும். VDB போட்டா அஞ்சாம் வருஷத்துல மட்டும் தானா நேர்கோட்டுக்கு மாறி 15,920 கழிச்சு 10,000-ல கொண்டுவந்து விடும். ஆனா ரெண்டுமே இரண்டாம் அட்டவணையில இருந்து வர்ற விகிதம் இல்லையே.

ஈரோடு சார், உங்க செல்லுல தப்பில்ல. DB ஃபங்ஷன் விகிதத்தை உள்ளுக்குள்ள மூணு தசமத்துக்கு முழுமையாக்கிடும். உண்மையான விகிதம் 45.07%. அது 0.451-னு வச்சுக்குது. முதல் வருஷத் தேய்மானம் உங்க ஷீட்ல 90,200-னு இருக்கணும், பாருங்க. நூறுல முடியற அந்த உருண்டை எண்தான் அடையாளம். விகிதத்தை நீங்களே எழுதுங்க:

```
B4:  =1-(B2/B1)^(1/B3)
B7:  =B1
C7:  =ROUND(B7*$B$4,0)
D7:  =B7-C7
B8:  =D7
C11: =B11-$B$2
```

B-ல தொடக்க இருப்பு, C-ல தேய்மானம், D-ல இறுதி இருப்பு. C7, D7, B8 மூணையும் கீழே இழுங்க. கடைசி வருஷம் C11 மட்டும் தனி. ROUND-னால வர்ற ஒண்ணு ரெண்டு ரூபாய் அங்கதான் சேரும். B4-க்கு டாலர் குறி போட மறந்தா, இழுக்கும்போது விகிதம் B5, B6-னு வழுக்கிப் போயிடும்.

| வருஷம் | தொடக்கம் | தேய்மானம் | இறுதி |
|---|---|---|---|
| 1 | 2,00,000 | 90,144 | 1,09,856 |
| 2 | 1,09,856 | 49,514 | 60,342 |
| 3 | 60,342 | 27,197 | 33,145 |
| 4 | 33,145 | 14,939 | 18,206 |
| 5 | 18,206 | 8,206 | 10,000 |

தறிக்கூடம்:
இவ்வளவு கஷ்டம் எதுக்குங்க? எங்க தறி மெஷினுக்கு ஆடிட்டர் நேரா 15% போடறாரு. வாங்கின வருஷத்துல 180 நாளைக்குக் குறைவா ஓடியிருந்தா அந்த வருஷம் மட்டும் அதுல பாதி. எஞ்சிய மதிப்புன்னு ஒண்ணும் கேட்கறதே இல்ல.

பழைய லெட்ஜர்:
அது வருமான வரிக் கணக்கு மேடம். அங்க மெஷின் தனியா நிக்காது, ஒரே விகிதத்துல இருக்கறதெல்லாம் ஒரு தொகுப்பாச் சேர்ந்துடும். அதனால ஆயுளும் எஞ்சிய மதிப்பும் தேவைப்படாது. இவர் கேட்கறது கம்பெனிப் புத்தகத்துக்கு. ரெண்டு அட்டவணையும் தனித்தனியா இருக்கணும்.

ஈரோடு கணக்கு:
90,200-தான் இருந்துச்சு சார்! B4 போட்டதும் 10,000 வந்துடுச்சு. ரொம்ப நன்றி. ஒண்ணு சொல்ல விட்டுட்டேன், மெஷின் வந்து ஓட ஆரம்பிச்சது அக்டோபர் 1. அப்போ முதல் வருஷம் 6 மாசத்துக்குத்தானே?

பழைய லெட்ஜர்:
ஆமா, சேர்த்த தேதியில இருந்துதான் கணக்கு. மாசக் கணக்குல முதல் வருஷம் பாதி, 45,072. ஆறாவது நிதியாண்டுல மீதி ஆறு மாசம் வரும். ஆனா இப்படிப் பாதி பாதியா வெட்டினா கடைசியில சுமார் 10,925 நிக்கும். அந்த 925-ஐ கடைசி வருஷத்துல சேர்த்துத் தள்ளிடுவேன்.

ஷீட் பிரியன்:
தள்ள வேண்டாம் அண்ணே. விகிதத்தைப் பாதியாக்காம அடுக்கைப் பாதியாக்குங்க:

```
=B1*(1-(1-B4)^(6/12))
```

முதல் வருஷம் 51,773 வரும், கடைசி ஆறு மாசத்துக்கும் இதே மாதிரி போட்டா சரியா 10,000-ல முடியும்.

பழைய லெட்ஜர்:
கணக்கு சரிதான் தம்பி. ஆனா நான் பார்த்த ஆடிட்டர்கள் எல்லாரும் வருஷத் தேய்மானத்தை மாசத்தாலயோ நாளாலயோ பெருக்கித்தான் போடறாங்க. 51,773-ஐப் பார்த்தா முதல் கேள்வியே அதுல வரும்.

ஷீட் பிரியன்:
கேள்வி வந்தா ஃபார்முலாவைக் காட்டலாமே. ஆயுள் முடிவுல எஞ்சிய மதிப்பு வரணும்ங்கறதுதானே விகிதத்துக்கே அடிப்படை.

ஈரோடு கணக்கு:
ரெண்டையும் தனித்தனி ஷீட்டாப் போட்டு ஆடிட்டர்கிட்ட கொடுக்கறேன். அவர் எதை எடுக்கறாருன்னு இங்க வந்து சொல்றேன்.