URGENT என்று மட்டும் ஒரு செய்தி

பி பிளாக் குடும்பங்கள், ஆயர் ஈத்தாம், பினாங்கு
செவ்வாய் இரவு

8.07 சரோஜா ஆன்ட்டி, 11-ஆம் மாடி: URGENT

8.08 லெட்சுமி ஆன்ட்டி: மறுபடியும் தண்ணீர் நிறுத்தமா? 2024 ஜனவரியில் சுங்கை டுவாவில் வால்வு மாற்றினார்களே, அப்போது பட்ட பாடே போதும். இப்போதே வாளியில் பிடித்து வைக்கட்டுமா?

8.08 விக்னேஷ்: ஆன்ட்டி என்ன ஆச்சு?

8.08 பரமேஸ்: ???

8.09 குமரன்: யாரும் பதில் போடாதீர்கள். ஆன்ட்டி எப்போதும் குரல் செய்திதான் அனுப்புவார். இங்கிலீஷில், அதுவும் பெரிய எழுத்தில் என்றால் நிச்சயம் ஸ்கேம். கணக்கைத் திருடிவிட்டார்கள். எல்லாரும் நம்பரை பிளாக் பண்ணுங்கள்.

8.10 மலர் அக்கா: பிளாக் பண்ண வேண்டாம் தம்பி. ஸ்கேமோ நிஜமோ, முதல் வேலை ஒன்றுதான். வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு சாதாரண போன் கால் போட வேண்டும். கணக்கு திருடுபோனாலும் சிம் பெரும்பாலும் சொந்தக்காரரிடம்தான் இருக்கும், அவர்தான் எடுப்பார். நான் ஒருத்தி மட்டும் கூப்பிடுகிறேன். பத்துப் பேர் கூப்பிட்டால் லைன் கிடைக்காது.

8.11 லெட்சுமி ஆன்ட்டி: என் அண்ணன் மகனுக்கும் இப்படித்தான். எஸ்எம்எஸ்ஸில் வந்த ஆறு இலக்க நம்பரை யாரோ கேட்டார்கள் என்று கொடுத்துவிட்டான். அவன் பெயரில் எல்லாரிடமும் பணம் கேட்டு மெசேஜ் போனது. எனக்கும் வந்தது, 800 வெள்ளி. நல்லவேளை எனக்கு பேங்க் ஆப் தெரியாது.

8.11 மலர் அக்கா: போன் எட்டவில்லை என்று வருகிறது. விக்னேஷ், நீ 10-ஆம் மாடிதானே, ஏறிப் போய் ஆன்ட்டி வீட்டுக் கதவைத் தட்டு. தட்டிவிட்டு எழுது.

8.12 மலர் அக்கா: தனியாகவும் ஒரு மெசேஜ் போட்டுப் பார்த்தேன். ஒற்றை டிக்கிலேயே நிற்கிறது. குழுவில் போட்டால் அது சரியாகத் தெரியாது, எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தால்தான் இரண்டு டிக் விழும்.

8.12 குமரன்: டிக்கை வைத்து என்ன கண்டுபிடிக்கப் போகிறீர்கள்?

8.13 மலர் அக்கா: திருடன் என்றால் ஆன்லைனில் காத்திருப்பான். நாம் "என்ன ஆச்சு" என்றதுமே பணக் கதையை ஆரம்பித்திருப்பான். இங்கே ஒரு சொல்லோடு நின்றுவிட்டது, போனும் எட்டவில்லை, மெசேஜும் போய்ச் சேரவில்லை. சிக்னல் இல்லாத இடமாக இருக்கலாம். பேட்டரி தீர்ந்தாலும் இப்படித்தான் காட்டும், அதனால் சத்தியம் பண்ண மாட்டேன்.

8.15 விக்னேஷ்: அங்கிள்தான் கதவைத் திறந்தார். ஆன்ட்டி ஏழரைக்குக் கீழே கடைக்குப் போனவர் இன்னும் வரவில்லையாம். அங்கிள் டிவி பார்த்துக்கொண்டு இருந்தார், போனையே எடுக்கவில்லை.

8.16 முனியாண்டி அங்கிள், நிர்வாகக் குழு: கார்டிடம் கேட்டேன். எட்டு மணிக்குப் பையோடு உள்ளே வந்ததைப் பார்த்தாராம்.

8.16 மலர் அக்கா: அப்படியானால் கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில்தான். லிஃப்ட் ஓடுகிறதா?

8.17 விக்னேஷ்: இடதுபக்க லிஃப்டில் 6 என்றே காட்டுகிறது. நகரவில்லை. படியில் இறங்கி ஓடுகிறேன்.

8.19 விக்னேஷ்: இருக்கிறார்!! ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில். தட்டினேன், உள்ளிருந்து தட்டுகிறார். பேச்சும் கேட்கிறது.

8.19 குமரன்: இரும்புக் கம்பி எடுத்துக்கொண்டு வருகிறேன், கதவைத் தள்ளித் திறந்துவிடலாம்.

8.20 மலர் அக்கா: தொடவே தொடாதே. நடு மாடியில் நிற்கும் லிஃப்டின் கீழே குழி திறந்து கிடக்கும். அவசரத்தில் குதித்து இறங்கப் பார்ப்பவர்கள் அதில் விழுந்துவிடுவார்கள். உள்ளே காற்று போய் வரும், மூச்சு முட்டாது. அதை ஆன்ட்டியிடம் சத்தமாகச் சொல்லுங்கள், பயம் பாதி குறையும். முனியாண்டி அங்கிள், லிஃப்ட் கம்பெனிக்குச் சொல்லிவிட்டீர்களா?

8.22 முனியாண்டி அங்கிள்: சொல்லியாயிற்று. ஆள் பட்டர்வொர்த்திலிருந்து வர வேண்டும். பாலத்தில் ஜாம், ஒரு மணி நேரம் ஆகும் என்கிறான்.

8.23 மலர் அக்கா: ஆரோக்கியமான ஆள் என்றால் காத்திருக்கலாம். ஆன்ட்டிக்குச் சர்க்கரை உண்டே. விக்னேஷ், இரண்டே கேள்வி கேள். இன்சுலின் போட்டாரா, சாப்பிட்டாரா?

8.24 விக்னேஷ்: ஏழு மணிக்கு ஊசி போட்டாராம். வந்து சாப்பிடலாம் என்று போயிருக்கிறார். கை நடுங்குகிறது, வியர்க்கிறது என்கிறார்.

8.24 மலர் அக்கா: சர்க்கரை இறங்குகிறது. பையில் இனிப்பாக ஏதாவது இருக்கிறதா? சீனி போட்ட பானம் எதுவானாலும் உடனே குடிக்கச் சொல். பதினைந்து நிமிஷம் கழித்து நடுக்கம் நின்றதா என்று கேள், நிற்காவிட்டால் இன்னொன்று. நான் 999 போடுகிறேன்.

8.25 விக்னேஷ்: பேத்திக்கு வாங்கிய பாக்கெட் மைலோ இருக்கிறது. குடிக்கிறார்.

8.28 மலர் அக்கா: போம்பாவும் அம்புலன்ஸும் வருகிறது. யாராவது கீழே கேட் பக்கம் நின்று வழி காட்டுங்கள். ஏ பிளாக்குக்குப் போய்விட்டால் ஐந்து நிமிஷம் வீண்.

8.29 பரமேஸ்: நான் நிற்கிறேன்.

8.41 விக்னேஷ்: நடுக்கம் குறைந்துவிட்டதாம். போம்பா மேலே வந்துவிட்டார்கள்.

8.53 விக்னேஷ்: வெளியே வந்துவிட்டார். விரலில் குத்திப் பார்த்தார்கள், 4.6. வீட்டுக்குப் போய் உடனே சோறு சாப்பிடச் சொன்னார்கள்.

8.54 சரோஜா ஆன்ட்டி: லிஃப்டில் மாட்டிக்கொண்டேன்

8.54 சரோஜா ஆன்ட்டி: பெல் அமுக்கினால் சத்தமே வரவில்லை

8.54 சரோஜா ஆன்ட்டி: யாராவது வாங்களேன்

8.55 பரமேஸ்: ஐயோ மறுபடியுமா!

8.55 விக்னேஷ்: இல்லை இல்லை, பழைய மெசேஜ். உள்ளே கடிகாரக் குறியோடு நின்றிருக்கிறது. சிக்னல் வந்ததும் மொத்தமாக வந்து விழுகிறது.

9.20 பரமேஸ்: மலர் அக்கா, அடுத்த முறை இப்படி வந்தால் என்னதான் எழுதுவது? நான் மூன்று கேள்விக்குறி போட்டதோடு சரி.

9.24 மலர் அக்கா: "எங்கே?" என்று ஒருவர் கேட்டால் போதும். 999-இல் வேலை பார்த்தபோது இடத்தைத்தான் முதலில் பிடித்துக்கொள்வோம். லைன் அறுந்தாலும் வண்டியை அனுப்பிவிடலாம். "என்ன ஆச்சு" என்றால் கதை சொல்ல வேண்டும், நடுங்குகிற கையால் எழுத முடியாது. "லிஃப்ட்" என்று எழுதி அனுப்ப ஒரு நொடி சிக்னல் போதும்.

9.26 குமரன்: திருடன் "ஆஸ்பத்திரி" என்று எழுதினால்?

9.29 மலர் அக்கா: எழுதுவான். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று கேள். நம் ஆள் ஒருவர் நேரில் பார்க்கும்வரை காசும் கிடையாது, எஸ்எம்எஸ்ஸில் வந்த நம்பரும் கிடையாது. அதற்குள் யாராவது காசு அனுப்பித் தொலைத்திருந்தால் உடனே 997. பணம் அடுத்தடுத்த கணக்குக்கு ஓடுவதற்குள் சொல்ல வேண்டும்.

9.31 குமரன்: இருந்தாலும் நான் பிளாக் பண்ணுவேன். அப்பா போன வருஷம் ஏமாந்ததே போதும். கதவைத் தட்டுவது ஒரே பிளாக்கில் சரி. ஈப்போவில் இருக்கும் சித்திக்கு யார் போய்த் தட்டுவது?

9.33 மலர் அக்கா: அது கஷ்டம்தான். சித்தியின் பக்கத்து வீட்டு நம்பர் உன்னிடம் இருக்கிறதா?

9.34 குமரன்: இல்லை.

9.40 சரோஜா ஆன்ட்டி: எல்லாருக்கும் நன்றி. சாப்பிட்டேன். முதலில் "லிஃப்ட்" என்று எழுதத் தோன்றவே இல்லை. பேத்தி போனில் இங்கிலீஷ் எழுத்து போட்டு வைத்திருந்தாள், தமிழுக்கு மாற்றுவதற்குள் சிக்னல் போய்விட்டது.

9.42 முனியாண்டி அங்கிள்: அந்த பெல் வேலை செய்யவில்லை என்று முன்பே கம்பெனிக்கு எழுதியாயிற்று. சேவைக் கட்டணம் பாக்கி இருக்கிறதாம், அதனால் வரமாட்டான்.

9.43 பரமேஸ்: பாக்கி வைத்திருக்கும் வீடுகளின் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள் அங்கிள்.

9.44 லெட்சுமி ஆன்ட்டி: அதையெல்லாம் குழுவில் பேச வேண்டாம், கூட்டத்தில் பேசலாம்.

9.45 பரமேஸ்: கூட்டம் எப்போது?

9.51 முனியாண்டி அங்கிள்: ஆள் சேர்ந்தால் சொல்கிறேன். இடது லிஃப்டை நிறுத்திவிட்டேன். காலை வரை வலதுபக்கத்தில் போங்கள்.